வாடகை முதல் தேதியில் போகும்போது எந்தக் கணக்கு சரி: 4,24,868 ரூபாயா, 4,29,116 ரூபாயா?

கேள்வி: ஐயா, மதுரையில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். வாடகை 20,000. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி அந்த மாத வாடகையைக் கொடுத்துவிடுவேன். வருகிற ஏப்ரல் 1 முதல் 24 மாதத்துக்குப் புது அக்ரிமென்ட், இடையில் வாடகை ஏற்றம் இல்லை. மகள் கல்யாணச் செலவு இருப்பதால், 24 மாத வாடகையையும் சேர்த்து 4,27,000 ஆக மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், மார்ச்சிலேயே கொடுத்தால் நல்லது என்கிறார் கட்டட ஓனர். என்னிடம் பேங்கில் 6 லட்சம் ஓடி, அதாவது ஓவர்டிராஃப்ட் லிமிட் இருக்கிறது, வட்டி 12 சதவீதம். எக்செலில் இன்றைய மதிப்பு போட்டுப் பார்த்தேன், 4,24,868 வந்தது. அப்படியென்றால் நஷ்டம்தானே? பி.காம். படிக்கும் என் தம்பி மகன் 4,29,116 என்கிறான், லாபம் என்கிறான். யார் கணக்கு சரி?

பதில்:

வணக்கம் அம்மா. பணத்தை ஏப்ரல் 1ஆம் தேதி கொடுப்பதாக இருந்தால் உங்கள் தம்பி மகன் கணக்கு சரி. மார்ச் 1ஆம் தேதியே கொடுப்பதாக இருந்தால் உங்கள் கணக்கு சரி. ஓனர் "மார்ச்சிலேயே" என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அதனால் அந்தத் தேதியை முடிவு செய்யாமல் லாபமா நஷ்டமா என்று பேசவே முடியாது. எப்படி என்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஏப்ரல் 1 என்றே வைத்துக்கொள்வோம். வருஷம் 12 சதவீதம், ஓடியில் மாதா மாதம் வட்டி போடுகிறார்கள் என்பதால் மாதத்துக்கு 1 சதவீதம். இன்றைக்கு 19,802 ரூபாயை ஓடியில் கட்டினால், ஒரு மாதத்தில் 198 ரூபாய் வட்டி மிச்சமாகி அது 20,000 ரூபாய்க்குச் சமமாகிவிடுகிறது. அதனால் ஒரு மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய 20,000 ரூபாயின் இன்றைய மதிப்பு 19,802. இரண்டு மாதம் கழித்துக் கொடுக்க வேண்டியது 19,606. இப்படி ஒவ்வொரு மாதம் தள்ளிப் போகப் போக 1.01 ஆல் வகுத்துக்கொண்டே போகிறோம், அவ்வளவுதான் இந்தக் கணக்கு.

இப்போது கேள்வி, முதல் வாடகைக்கு எத்தனை மாதம் தள்ளுபடி? ஏப்ரல் 1 அன்று கல்லாவில் நின்றுகொண்டு யோசித்துப் பாருங்கள். அன்றைக்கே ஏப்ரல் வாடகை 20,000 கொடுத்தாக வேண்டும். அதற்குக் காத்திருப்பே கிடையாது, முழு 20,000 முழு 20,000-தான். மே வாடகைக்கு ஒரு மாதம், ஜூனுக்கு இரண்டு மாதம், இப்படிப் போய் 24ஆவது வாடகை, அதாவது மறு வருஷத்துக்கு அடுத்த மார்ச் 1ஆம் தேதி கொடுப்பது, 23 மாதம் தள்ளி இருக்கிறது. இதைத்தான் காமர்ஸ் புத்தகத்தில் ஆன்யுட்டி ட்யூ என்கிறார்கள், நாம் முன்தவணை என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் போட்ட கணக்கு ஆர்டினரி ஆன்யுட்டி, பின்தவணை. அது முதல் வாடகையே ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் முடியும்போதுதான் போகிறது என்றும், 24ஆவது வாடகை 24 மாதம் தள்ளிப் போகிறது என்றும் நினைத்துக்கொள்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 1 மாதம் தள்ளி, 2 மாதம் தள்ளி, 23 மாதம் தள்ளி என்று நடுவில் இருக்கிற 23 வாடகையும் இரண்டு கணக்கிலும் இருக்கின்றன, மதிப்பும் ஒன்றே. வித்தியாசம் ஒரே ஒரு வாடகையில்தான். முன்தவணையில் அது இன்றைக்கே கொடுக்கிற வாடகை, மதிப்பு 20,000. பின்தவணையில் அது 24 மாதம் கழித்துக் கொடுக்கிற வாடகை, இன்றைய மதிப்பு 15,751. கழித்தால் 4,249. உங்கள் எண்ணுக்கும் தம்பி மகன் எண்ணுக்கும் இடையில் இருக்கிற தொகை ரூபாய் பைசா மாறாமல் இதுதான், அவன் விடை 4,29,116.42, உங்களுடையது 4,24,867.74. பாடத்தில் இதையே "பின்தவணை மதிப்பை 1.01 ஆல் பெருக்கு" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எல்லா வாடகையும் ஒரு மாதம் முன்னால் வருகிறது, அதனால் மொத்த மதிப்பும் ஒரு மாத வட்டி அளவு கூடுகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடைதான், ஆனால் கடைக்காரருக்கு முதல் வாடகை, கடைசி வாடகை என்று பார்ப்பதே சுலபம் என்பது என் அனுபவம்.

நீங்கள் எக்செலில் தப்பாக ஒன்றும் தட்டவில்லை. PV என்ற ஃபார்முலாவில் கடைசியாக ஓர் இடம் இருக்கிறது, பணம் மாத ஆரம்பத்திலா மாத முடிவிலா என்று சொல்ல. அதைக் காலியாக விட்டால் எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும், 0 என்றால் மாத முடிவு. பேங்க் கடனுக்கு அது பொருந்தும். இன்றைக்குக் கடன் வாங்கினால் முதல் இஎம்ஐ பொதுவாக ஒரு மாதம் கழித்துத்தானே வரும். வாடகைக்குப் பொருந்தாது. மேலே இருப்பது நீங்கள் போட்டது, கீழே இருப்பது தம்பி மகன் போட்டது:

```
=PV(12%/12,24,-20000)
=PV(12%/12,24,-20000,0,1)
```

எந்தக் கணக்கில் நிற்கிறோம் என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது ஒன்று உண்டு. 24 என்ற இடத்தில் 1 என்று போட்டுப் பார்ப்பேன். ஒரே ஒரு வாடகை, அதுவும் இன்றைக்கே கொடுக்க வேண்டியது என்றால் விடை 20,000 தான் வர வேண்டும். 19,801.98 என்று வந்தால் அது மாத முடிவுக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபைனான்சியல் கால்குலேட்டர் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே சோதனைதான். அதில் திரையில் BGN என்ற எழுத்து தெரிந்தால் மாத ஆரம்பம். யாரோ எதற்கோ அதை மாற்றி வைத்துவிட்டு அப்படியே கொடுத்திருப்பார்கள், அடுத்தவர் போடுகிற கடன் கணக்கெல்லாம் தப்பாக வரும்.

ஃபார்முலாவை நம்ப வேண்டாம், உங்கள் ஓடி பாஸ்புக்கை வைத்தே பார்த்துவிடலாம். ஏப்ரல் 1 அன்று ஓடியிலிருந்து 4,27,000 எடுத்து ஓனரிடம் கொடுக்கிறீர்கள். இனிமேல் வாடகை இல்லை, ஆனால் வாடகைக்கு என்று எடுத்து வைக்கிற 20,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் அதே 1ஆம் தேதி ஓடியில் கட்டுகிறீர்கள். ஏப்ரல் 1 அன்றே முதல் 20,000 போய்விடும், பாக்கி 4,07,000. மே 1 அன்று அதற்கு வட்டி 4,070 ஏறி 4,11,070, அதில் 20,000 கட்டினால் 3,91,070. ஜூன் 1 அன்று வட்டி 3,911 ஏறும், கட்டியது போக 3,74,981. இப்படியே போனால் 24ஆவது தடவை முழு 20,000 தேவைப்படாது, 17,339 கட்டினாலே கடன் தீர்ந்துவிடும். கையில் நிற்கிறது 2,661. அதை ஏப்ரல் 1 மதிப்புக்குக் கொண்டு வந்தால் 2,116, அதாவது 4,29,116 கழித்தல் 4,27,000. இதை ஒரு தாளில் 24 வரி எழுதி நீங்களே போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது, அப்புறம் இந்த விஷயத்தில் யார் சொல்வதையும் நம்ப வேண்டிய அவசியம் இருக்காது.

சரி, இப்போது மார்ச்சுக்கு வருவோம். முன்தவணை என்பது வாடகைக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. மாத ஆரம்பத்தில் வாடகை என்றாலே முன்தவணை என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். நாம் எந்த நாளில் நின்று மதிப்பு போடுகிறோம், அந்த நாளிலேயே ஒரு வாடகை விழுகிறதா, இல்லை முதல் வாடகைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் பெயரே. ஓனருக்கு மார்ச் 1 அன்று பணம் கொடுக்கிறீர்கள் என்றால், நீங்கள் நிற்கிற நாள் மார்ச் 1, புது அக்ரிமென்டின் முதல் வாடகை ஏப்ரல் 1, நடுவில் முழுசாக ஒரு மாதம். (மார்ச் மாத வாடகையைப் பழைய அக்ரிமென்டில் தனியாகக் கொடுக்கத்தான் போகிறீர்கள், அது இந்தக் கணக்கில் வராது.) அப்போது அதே 24 வாடகை பின்தவணை ஆகிவிடுகிறது, மதிப்பு 4,24,868. அவர் கேட்பது 4,27,000, உங்களுக்கு நஷ்டம் 2,132. பாஸ்புக் பாஷையில் சொன்னால், மார்ச் 1 அன்று எடுத்த 4,27,000-க்கு ஏப்ரல் 1 வருவதற்குள் 4,270 ரூபாய் வட்டி ஏறிவிடும், அதை ஈடுகட்ட உங்களிடம் இருந்த லாபம் 2,116 தான்.

நடுவில் ஏதாவது ஒரு நாள் சரிசமமாக வந்தாக வேண்டும் அல்லவா, அதையும் போட்டுப் பார்த்தேன். ஓடி வட்டியை நாள் கணக்கில் எடுத்தால் மார்ச் 17 வாக்கில் வருகிறது. ஏப்ரல் 1-க்கு 15 நாள் முன்னால் கொடுத்தால் அன்றைய மதிப்பு சுமார் 4,27,010, அவர் கேட்கிற தொகையும் அதுவேதான். அதற்கு முன்னால் கொடுக்கிற ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சுமார் 140 ரூபாய் செலவு. ஆகவே ஓனரிடம் பேசும்போது தொகையை மட்டும் பேசாதீர்கள், எந்தத் தேதிக்கு எந்தத் தொகை என்று சேர்த்துப் பேசுங்கள். முகூர்த்தத்துக்கு நகை எடுக்க மார்ச் 1 அன்றே வேண்டும் என்று அவர் சொன்னால் அது நியாயமான தேவைதான், ஆனால் அதற்கான ஒரு மாத வட்டியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை, தொகையை 4,22,000 ஆக இறக்கச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

உங்கள் கடிதத்தில் 1ஆம் தேதியே கொடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் பல கடைகளில் அக்ரிமென்டில் 1ஆம் தேதி என்று இருக்கும், நடைமுறையில் 5ஆம் தேதிக்குள், சில மாதம் 10ஆம் தேதி என்று போகும், ஓனரும் ஒன்றும் சொல்ல மாட்டார். நீங்களும் அப்படி என்றால், 10ஆம் தேதி கொடுக்கிற ஒவ்வொரு வாடகையிலும் 9 நாள் வட்டி, சுமார் 59 ரூபாய், உங்களிடமே நிற்கிறது. 24 மாதத்துக்கும் சேர்த்து இன்றைய மதிப்பில் சுமார் 1,270. மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும், ஏப்ரல் 1 கணக்கில் லாபம் 2,116-லிருந்து 850 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும். அக்ரிமென்டில் எழுதியிருக்கிற தேதியைவிட, உங்கள் கணக்கிலிருந்து உண்மையாகவே பணம் போகிற தேதிதான் இங்கே முக்கியம்.

இதே குழப்பம் திரும்பிய பக்கமும் நடக்கும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குடோன் வாடகைக் கணக்கு என்னிடம் வந்தது, மாத வாடகை 35,000. வாடகைதாரர் 1ஆம் தேதி காலையில் அந்த மாத வாடகையைக் கொடுத்துவிட்டார். மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து, மீதி 18 மாத வாடகையையும் மொத்தமாக முடித்துக்கொள்ளலாம், மாதம் 1 சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். ஓனர் தரப்பில் கணக்கு போட்டவர் வாடகை முதல் தேதி என்பதால் முன்தவணை என்று போட்டு 5,79,679 என்றார். ஃபார்முலா சரியாக இருந்தது, நானும் தலையாட்டிவிட்டேன். செக் கொடுத்த பிறகு ராத்திரி தாளைத் திரும்பப் பார்க்கும்போதுதான் உறைத்தது, இன்றைய வாடகை காலையிலேயே போய்விட்டது, மீதி இருக்கிற 18-இல் முதலாவது அடுத்த மாதம் 1ஆம் தேதிதான். அப்படியானால் அது பின்தவணை, 5,73,939 தான் கொடுத்திருக்க வேண்டும். 5,739 ரூபாய் அதிகம் போயிருக்கிறது. மறுநாள் நேரில் போய், 18 தேதிகளையும் எழுதிக் காட்டினேன், ஓனர் பார்த்ததும் ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன்னால் முதல் வாடகை தேதியையும் கடைசி வாடகை தேதியையும் தாளின் தலையில் எழுதிவிடுகிறேன். உங்கள் தம்பி மகனுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள். அவன் கணக்கில் கெட்டி, பரீட்சைக் கேள்வியில் நிற்கிற நாளைக் கேள்வியிலேயே சொல்லிவிடுவார்கள், கடையில் அதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இந்த முன்தவணை பின்தவணை வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம் வட்டி விகிதத்தில் இருக்கிறது. பணம் ஓடியிலிருந்து வந்தால் 12 சதவீதம் சரி. ஆனால் வீட்டில் யாராவது பேரில் டெபாசிட் சும்மா கிடந்து, அதை எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தால் நீங்கள் இழப்பது அந்த டெபாசிட்டின் வட்டியைத்தான். அதை 7 சதவீதம், மாதா மாதம் கூட்டுவது என்று வைத்துக்கொண்டால் ஏப்ரல் 1 அன்று 24 வாடகையின் மதிப்பு சுமார் 4,49,308. அப்போது 4,27,000 கொடுத்து முடிப்பதில் 22,000 ரூபாய்க்கு மேல் லாபம், மார்ச் 1 அன்று கொடுத்தாலும் 19,700 தேறும். வட்டி குறையக் குறையக் காத்திருப்பதற்கான தள்ளுபடியும் குறைகிறது, முதல் வாடகை இன்றா ஒரு மாதம் கழித்தா என்ற சண்டையும் சின்னதாகிவிடுகிறது. டெபாசிட்டை முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் பிடிப்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

ஓடியிலிருந்துதான் என்றால் லிமிட்டையும் பார்க்க வேண்டும். 20,000 தவறாமல் கட்டிக்கொண்டே வந்தாலும் அக்டோபர் 1 அன்று இந்த வாடகைக் கடனில் மட்டும் 3,09,000 ரூபாய் பாக்கி நிற்கும். 6 லட்சத்தில் மீதி 2,91,000 தான். தீபாவளிக்கு முன்னால் லைனிங் துணி, நூல், ஜிப் என்று சரக்கு எடுக்க அது போதுமா என்று போன வருஷத்து பில்லை எடுத்துப் பாருங்கள். போதாமல் வெளியில் 2 ரூபாய் வட்டிக்கு வாங்க வேண்டி வந்தால், ஒரு லட்சத்துக்கு ஒரு மாதத்தில் ஓடியைவிட 1,000 ரூபாய் கூடுதல் போய்விடும், மேலே பார்த்த 2,116 இரண்டே மாதத்தில் கரைந்துவிடும்.

கடைசியாக ஒரு விஷயம், என்னைப் பொறுத்தவரை இதுதான் முடிவை மாற்றக்கூடியது. 2,116 ரூபாய் லாபத்துக்காக 4,27,000 ரூபாயை மொத்தமாக ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். நடுவில் கடையை மாற்ற வேண்டி வந்தாலோ, கட்டடம் கைமாறினாலோ, மீதியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பொதுவாக எழுதுகிற வாசகம், மீதி மாதத்துக்கு விகிதாச்சாரப்படி திருப்பித் தரப்படும் என்பது. கேட்க நியாயமாக இருக்கும். பத்து மாதம் இருந்துவிட்டு ஜனவரி 31 அன்று காலி செய்கிறீர்கள், 14 மாத வாடகை மீதி என்று வைத்துக்கொள்வோம். விகிதாச்சாரப்படி 4,27,000-இல் 24-க்கு 14 பங்கு, 2,49,083 ரூபாய் வரும். ஆனால் அன்றைக்கு உங்கள் ஓடியில் இந்தக் கடனின் பாக்கி 2,60,337. 11,254 ரூபாய் உங்கள் தலையில். முதல் பத்து மாதம் நின்ற பாக்கி முழுவதற்கும் நீங்கள் வட்டி கட்டியிருக்கிறீர்கள், விகிதாச்சாரம் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, அதனால்தான் இந்தப் பள்ளம்.

அதனால் அக்ரிமென்டில் விகிதாச்சாரம் என்ற வார்த்தையைப் போட விடாதீர்கள். மேலே சொன்ன அந்த 24 வரித் தாள் இருக்கிறதே, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி வட்டி ஏறி, 20,000 கழிந்து பாக்கி எவ்வளவு என்று, அதையே அட்டவணையாக அக்ரிமென்டோடு சேர்த்துவிடுங்கள். காலி செய்கிற தேதிக்கு நேரே என்ன பாக்கி இருக்கிறதோ அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரே வரியில் எழுதினால் போதும். அதில் பாக்கியை 20,000 கழிப்பதற்கு முன்னால் உள்ளதாக எடுக்க வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். பிப்ரவரி 1 வரிசையில் கழிப்பதற்கு முன் 2,60,337, கழித்த பிறகு 2,40,337. நீங்கள் பிப்ரவரியில் கடையில் இல்லை என்றால் முதல் எண்தான் உங்களுடையது. இங்கேயும் அதே கேள்விதான் பாருங்கள், அன்றைக்கு விழுகிற வாடகை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று.

24 மாத அக்ரிமென்ட் என்பதால் அதைப் பதிவு செய்தாக வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். 11 மாதத்துக்கு எழுதிக்கொண்டு 24 மாதப் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 11 மாதத்துக்குப் பிறகு உங்கள் பணத்துக்குக் கையில் சரியான ஆதாரம் இருக்காது. பதிவுச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஆவணம் எழுதுகிறவரிடம் கேட்டு அந்த 2,116-இலிருந்து கழித்துப் பாருங்கள். மாத வாடகையாகவே தொடர்ந்தாலும் 24 மாதத்துக்கு அந்தச் செலவு உண்டு என்றால் கழிக்க வேண்டாம். பணத்தை செக்காகவோ ஆர்டிஜிஎஸ் வழியாகவோ கொடுங்கள், ரசீதில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று இரண்டு தேதியும் இருக்கட்டும். ஓனர் எந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்கிறார் என்று எனக்கு எழுதுங்கள் அம்மா, அந்தத் தேதிக்கு 24 வரியையும் போட்டு அனுப்பிவைக்கிறேன்.